தாலியும் பதிவேடும்

மலைநாட்டுத் தோட்டங்களில் 'பேர்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தாய்தந்தையர் இட்டு அழைப்பது ஒன்று. ஒரு நாள் உழைப்புக்குக் கணக்கிடப்படும் கூலி மற்றொன்று. கொழுந்து நிறை குறைந்தால் 'இன்றைக்கு அரைப்பேர்தான்' என்று கணக்கப்பிள்ளை சொல்லுவார். காலைப் பிரட்டில் நிற்கும் பெண்ணின் கையில் உள்ளதும் பேர்தான், மாலையில் செக்றோலில் விழுவதும் பேர்தான். இவ்வாறு நாள்தோறும் பேர் போடப்பட்ட பெண்களுள் எத்தனையோ பேர், அரசாங்கத்தின் ஏடுகளில் தமக்கு உரிய பெயர் எது என்று நிறுவ முடியாமல் கடைசிக் காலத்தில் கந்தோர் வாசல்களில் நின்றிருக்கிறார்கள். இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது? பதுளை, பசறை, மடுல்சீமை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை முன்னிறுத்தி அதன் வரலாற்றை இங்கு ஆராய்வோம்.

முதலில் சட்டத்தின் விசித்திரம் ஒன்றைக் காண வேண்டும். ஊவா பழைய கண்டி இராச்சியத்தின் பகுதி. ஆகவே பதுளைச் சந்தையில் ஒரே தராசின் முன் நிற்கும் இரு பெண்கள், ஒருத்தி கிராமத்துச் சிங்களப் பெண், மற்றொருத்தி தோட்டத்துத் தமிழ்ப் பெண், இருவரும் இருவேறு விவாகச் சட்டங்களுக்கு உட்பட்டவர்கள். கண்டிச் சிங்களவரின் விவாகத்தை 1859ஆம் ஆண்டிலேயே ஆங்கில அரசாங்கம் ஒரு கட்டளைச் சட்டத்தால் பதிவுக்குள் கொண்டுவந்தது. பதிவில்லையேல் விவாகமே இல்லை என்பது அதன் விதி. 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டமும் அவ்விதியையே தொடர்ந்தது. தோட்டத் தமிழருக்கோ 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமே பொருந்தும். அச்சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. மாரியம்மன் கோவிலில் தாலி கட்டி, உறவினர் முன்னிலையில் வாழத் தொடங்கினாலும் அது விவாகமே. ஆணும் பெண்ணும் கணவன் மனைவியாகக் கூடி வாழ்ந்தார்கள் என்று நிறுவப்பட்டால், மாறாக நிரூபிக்கப்படும்வரை சட்டம் அதை முறையான விவாகமென்றே ஊகிக்கும் என்பதை, இலங்கையிலிருந்து சென்ற தினோஹாமி எதிர் பாலஹாமி வழக்கில் 1927ஆம் ஆண்டு இலண்டன் கோமறைக் கழகமும் உறுதிசெய்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது தோட்டத் தமிழருக்குக் கிடைத்த சலுகையாகத் தோன்றும். பதிவாளரைத் தேடி மலையிறங்க வேண்டாம், கூலியிழக்க வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஆனால் அதே 1907ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றையும் கூறியது: பதிவேட்டில் உள்ள குறிப்பே விவாகத்துக்குச் சிறந்த சாட்சி. அதாவது, பதிவில்லாத விவாகம் செல்லும். ஆனால் அதை ஐயமுற்றவர் முன் நிறுவும் பாரம் விவாகம் செய்தவர் தலையில் விழும். சாட்சிகளைக் கூட்டவும் நீதிமன்றம் ஏறவும் வசதியுள்ளவனுக்கு அது பெரிய பாரமன்று. லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது மலை.

அக்காலத்தில் எவரும் அப்படி ஐயமுறவில்லை. துரைக்கு வேண்டியது கைகள். அக்கைகளுக்கு உரியவளின் பெயரைப் பெரிய கங்காணி சொன்னபடி கணக்கப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். முத்தம்மாள் முத்தாயியாகவும், இலட்சுமி லெச்சுமியாகவும் செக்றோலில் ஏறினார்கள். தோட்டத்தில் பிறந்த குழந்தையின் பிறப்பும் துரையின் அறிக்கை வழியாகவே மாவட்டப் பதிவாளரைச் சென்றடைந்தது. தாய் சொல்ல, கங்காணியோ மருத்துவச்சியோ கேட்டுச் சொல்ல, கந்தோர்க் கிளாக்கர் எழுத, அந்தப் பெயர் அச்சாகிற்று. எழுதப்பட்டதைத் தாய் படித்துப் பார்க்கவில்லை, படிக்கவும் தெரியாது. விவாகப் பதிவு இல்லை என்பதும், பெயர் ஏட்டுக்கு ஏடு மாறுகிறது என்பதும், கேள்வி கேட்பார் இல்லாதவரை எவரையும் வருத்தவில்லை.

கேள்வி 1948இல் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோரின் பிறப்பைக் காட்டச் சொல்லி, தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை ஒரே வீச்சில் நாடற்றவராக்கியது. அதற்கு முந்திய ஆண்டில் நடந்த பொதுத்தேர்தலில், பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரசின் எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது என்பதை நினைவுகூர்ந்தால், அச்சட்டம் யாரைக் குறிவைத்தது என்பது தெளிவாகும். அச்சட்டத்தின் வாசகங்களுள் ஒன்று நம் பொருளோடு நேராகத் தொடர்புடையது. விவாகத்துக்குப் புறம்பே பிறந்து, பின்னர் முறைப்படுத்தப்படாத குழந்தையைப் பொறுத்தமட்டில், 'தந்தை' என்று சட்டம் சொல்லும் இடங்களிலெல்லாம் 'தாய்' என்று கொள்ள வேண்டும் என்பதே அது. பெண்ணை மதித்து எழுதப்பட்டதன்று இவ்வாசகம். தந்தை பிரஜை, தாய் நாடற்றவள், அவர்களது தாலிக்குப் பதிவில்லை என்று வைத்துக்கொள்வோம். விவாகத்தை நிறுவ முடிந்தால் குழந்தை தந்தைவழிப் பிரஜை. முடியாவிட்டால் தாய்வழி நாடற்ற குழந்தை. ஒரு துண்டுக் காகிதம் ஒரு குழந்தையின் நாட்டைத் தீர்மானித்தது. பெற்றோருள் எவர் வழியாகவும் பிரஜாவுரிமை பெறலாம் என்று இச்சட்டம் திருத்தப்பட 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதனிலும் கூர்மையாக விவாகத் தேதியைத் தொட்டது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். நாடற்றவர் பதிவின் மூலம் பிரஜையாவதற்கு வகுக்கப்பட்ட வழி அது. விண்ணப்பத்துக்குக் கொடுக்கப்பட்ட காலம் 1951ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாளோடு முடிவதாக இருந்தது. 1946ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன் தொடர்ச்சியாக இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும்: விவாகமானவருக்கு 7 ஆண்டுகள், ஆகாதவருக்கு 10 ஆண்டுகள். இவ்விரு எண்களையும் ஒரு மனிதன்மேல் வைத்துப் பார்ப்போம். ஒருவன் 1937இல் மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்து பதுளைக்கு வந்தான். 1946க்குள் அவனுக்கு 9 ஆண்டுகள்கூட நிறையவில்லை. விவாகமானவனென்றால் அவன் தகுதியுடையவன், ஆகாதவனென்றால் தகுதியற்றவன். தாலியை எவரும் மறுக்கவில்லை. ஆனால் விசாரணை உத்தியோகத்தர் முன் தாலி பேசாது.

அச்சட்டம் மனைவியின் வரவையும் அளந்தது. ஆண் விண்ணப்பதாரனின் மனைவி, தன் விவாகத் தேதியிலிருந்து ஓராண்டு நிறைவதற்குள் இலங்கைக்கு வந்து, அதன்பின் தொடர்ச்சியாக இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும் என்று 1949இல் இயற்றப்பட்ட வாசகம் விதித்தது. இந்த விதி தோட்ட வாழ்க்கையின் நடப்புக்கு எவ்வளவு புறம்பானது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவன் ஊருக்குப் போய், துறையூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் 1938ஆம் ஆண்டு தை மாதம் மணம் முடிக்கிறான். கையிருப்புத் தீர்ந்ததும் தான் மட்டும் தோட்டத்துக்குத் திரும்புகிறான். மனைவி பிறந்தகத்தில் இருந்து, பிரயாணச் செலவு சேர்ந்ததும், 1939ஆம் ஆண்டு ஆனி மாதம் கப்பலேறுகிறாள். பதினேழு மாதங்கள் ஆகிவிட்டன. கணவன் எத்தனை ஆண்டு தோட்டத்தில் உழைத்திருந்தாலும், சட்டத்தின் எழுத்துப்படி அவன் விண்ணப்பம் தவறுகிறது.

இங்கே தேதியை எப்படி அறிவது? கிராமத்தில் பதிவில்லை. ஐயர் நாள் குறித்த ஓலை எங்கோ போயிற்று. 'பெரிய மழை அடித்த வருஷம் தை மாசம்' என்பதே அவர்களுக்குத் தெரிந்த தேதி. விசாரணை உத்தியோகத்தர் ஆண்டைக் கேட்பார். கணவன் ஒன்று சொல்லுவான், தனியே கேட்டால் மனைவி வேறொன்று சொல்லுவாள். இருவரும் பொய் சொல்லவில்லை. எழுத்தில்லாத வாழ்வில் ஆண்டெண்ணுக்கு இடமே இருந்ததில்லை. வாய்மொழி முரண்படும்போது எழுத்துச் சான்றைத் தேடுவது இயல்பு. மனைவியின் பெயர் செக்றோலில் முதன்முதல் ஏறிய மாதம் ஒன்று, மூத்த குழந்தையின் பிறப்புப் பதிவு மற்றொன்று. ஆனால் செக்றோலில் அவள் முத்தாயி, விண்ணப்பத்தில் முத்தம்மாள். 'இவள்தான் அவள்' என்று நிறுவ இடையில் ஒரு காகிதமும் இல்லை. விவாகப் பதிவு ஒன்று இருந்திருந்தால் தேதியும் பெயரும் ஒரே வரியில் கிடைத்திருக்கும்.

இன்னுமோர் இடர். ஒரு தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நாட்டைவிட்டுப் பிரிந்திருந்தால் வதிவு அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் பெண்களின் பழவழக்கம். பிள்ளை பெற்று, உடம்பு தேறி, தாயின் மறுப்பைத் தாண்டி, கப்பல் காசு சேர்த்துத் திரும்புவதற்குள் ஓராண்டு கழிவது அரிதன்று. பெண்ணின் பேறுகாலமே ஆணின் பிரஜாவுரிமைக்குத் தடையாக அமையக்கூடிய சட்டம் அது. இவ்வளவு முட்களுக்கிடையே ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் இடப்பட்டன. முடிவில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 134,000 பேரே. மறுக்கப்பட்ட அனைத்துக்கும் விவாகச் சான்றின்மையே காரணம் என்று நாம் சொல்லவில்லை. வருமானம், வதிவு, படிவத்தில் வந்த சிறு தவறு என்று காரணங்கள் பல. ஆனால் எந்தக் காரணத்தை எடுத்தாலும், எழுத்தறியாத குடும்பத்திடம் எழுத்தைக் கேட்டதே அதன் அடியில் கிடந்தது.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 மக்களை இரு அரசாங்கங்களும் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் முடிவு செய்ய என்று பங்கிட்டன. இப்பங்கீட்டில் தந்தையின் விண்ணப்பத்தில் அடங்கிய மகள், விண்ணப்பத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நீண்ட காலத்தில் வேறொரு குடும்பத்துக்கு மணமாகிப் போயிருப்பாள். தந்தையின் குடும்பம் ஒரு நாட்டுக்கு, கணவனின் குடும்பம் மறு நாட்டுக்கு. அவள் எந்தத் தாளைச் சேர்ந்தவள் என்பதை முடிவுசெய்ய மீண்டும் விவாகச் சான்றையே கேட்டார்கள். பதுளை நிலையத்தில் இரயிலேறித் தலைமன்னாருக்குப் போனவர்களை வழியனுப்பிய அழுகுரல்களில், பிரிந்த தாய்மகள்களின் குரல்களும் இருந்தன. நாடற்ற நிலை சட்டத்தளவில் ஒழிய 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் தேவைப்பட்டன.

பிரஜாவுரிமைக் கேள்வி தீர்ந்தது. பெயரின் கேள்வி தீர்ந்ததா? இல்லை. அது கச்சேரியிலிருந்து தொழிற் கந்தோருக்கு இடம் மாறியது. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் முதுமைக்கு ஒரு சேமிப்பைத் தந்தது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் அடையாள அட்டை வழங்கப்பட்டது. ஒவ்வொன்றும் நல்ல காரியமே. ஆனால் ஒவ்வொன்றும் பெண்ணின் பெயரைப் புதிதாக ஒரு தடவை எழுதிக்கொண்டது.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டு கொழுந்து பறித்த பெண்ணொருத்தியைக் கற்பனை செய்வோம். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அவள் இராமசாமி மகள் முத்தம்மாள். சேமலாப நிதிக் கணக்கில், செக்றோலைப் பார்த்து எழுதியபடி, ஆர். முத்தாய். அடையாள அட்டையில் கணவன் கறுப்பையாவின் முதலெழுத்தைக் கொண்டு, அழகான பெயர் வேண்டுமென்று யாரோ சொன்னதால், கே. முத்துலெட்சுமி, அதுவும் சிங்கள எழுத்தில். விவாகம் கோவிலில் நடந்தது, பதிவில்லை. ஐம்பது வயதில் பணத்தைப் பெறப் போகிறாள். கந்தோரின் கண்ணில் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். பணம் ஒருத்தியுடையது, முகம் மற்றொருத்தியுடையது, பிறப்பு மூன்றாமவளுடையது. கந்தோர்க்காரர் கெட்டவர் அல்லர். தவறானவளுக்குப் பணம் கொடுத்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். ஆயினும் உழைத்தவள் இவள் ஒருத்தியே.

இம்முடிச்சை அவிழ்க்கும் வழி உண்டு. அதற்கு ஓர் ஒழுங்கும் உண்டு. ஒழுங்கு தவறினால் முடிச்சு மேலும் இறுகும். முதலாவது பிறப்புப் பதிவு. பிறந்தபோது எழுதிய பெயரை விவாகம் மாற்றுவதில்லை. அதில் பெயர் பிழையாக இருந்தாலோ, பெயரே எழுதப்படாமல் இருந்தாலோ, பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் வழியாக விண்ணப்பித்துத் திருத்த வேண்டும். இரண்டாவதே விவாகப் பதிவு. மணமக்கள் வாழும் பிரிவின் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். இருவரும் வெவ்வேறு பிரிவினராயின் இருவரும் தத்தம் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். அறிவித்தல் பதிந்து பன்னிரண்டு நாட்கள் கழிந்தபின், ஆட்சேபம் இல்லையெனில், இரு சாட்சிகள் முன்னிலையில் பதிவு நடைபெறும். முன்னரே தாலி கட்டிப் பிள்ளைகள் பெற்றவர்களும் இவ்வாறு பதிந்துகொள்ளலாம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது: பதிவேடு பதிந்த நாளைத்தான் கூறும், தாலி கட்டிய நாளைக் கூறாது. பதிவேட்டில் 'விவாக நிலை' என்றொரு கூடு உண்டு. மூன்று பிள்ளைகளின் தாய் அக்கூட்டில் விவாகமாகாதவள் என்று எழுதப்படுவதைக் கண்டு மனம் குன்றுவது இயற்கை. அது அவள் குற்றமன்று, ஏட்டின் குருட்டுத்தனம். பெற்றோரின் பின்வந்த விவாகம் பிள்ளைகளை முறைப்படுத்துமாதலால், அவர்களது பிறப்புப் பதிவில் தந்தையின் விவரத்தையும் பெற்றோர் விவாகத்தையும் சேர்க்க அதே பத்திரத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம்.

பதிவாளர் முன் உட்காரும்போது எந்தப் பெயரைச் சொல்லுகிறாள் என்பதே இவ்வரலாற்றின் கண். வீட்டில் அழைக்கும் பெயரையோ, செக்றோல் பெயரையோ சொன்னால், விவாகப் பத்திரம் நான்காவது பெண்ணொருத்தியை உண்டாக்கிவிடும். பிறப்புப் பத்திரத்தில் எழுத்துக்கு எழுத்து உள்ள பெயரைச் சொன்னால் மட்டுமே அது பாலமாகும். ஒரு கரையில் இராமசாமி மகள், மறுகரையில் கறுப்பையா மனைவி. ஊவாவில் பதிவு சிங்களத்தில் எழுதப்பட்ட காலமும் நீண்டது. பின்னர் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. தமிழில் எழுதும்படி கேட்பது உரிமை. எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி கேட்பது அதனினும் அவசியம். கையொப்பமிட்ட பின் ஓர் எழுத்தைத் திருத்தவும் மறுபடி பல நாள் கூலியை இழக்க வேண்டும்.

மூன்றாவதாக அடையாள அட்டை. மணமான பெண் கணவனின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. தந்தையின் முதலெழுத்தோடு கடைசிவரை வாழலாம். அவ்வாறு வாழ்ந்தால் மாற்றவேண்டிய ஏடுகளே குறையும். மாற்ற விரும்புவாளாயின், பிறப்பு, விவாகப் பத்திரங்களின் பிரதிகளோடும் பழைய அட்டையோடும், கிராம உத்தியோகத்தர் அல்லது தோட்டத் துரையின் உறுதிப்படுத்தலோடும் பிரதேச செயலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இறுதியாகவே சேமலாப நிதி. 'இப்பெயர்களால் அழைக்கப்படுபவள் நான் ஒருத்தியே' என்று சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசியும், தோட்ட நிர்வாகத்தின் உறுதிக் கடிதமும் ஆர். முத்தாயையும் முத்தம்மாளையும் இணைக்கும். தோட்டம் கைமாறி, பழைய செக்றோல் அழிந்து, எழுதிய கிளாக்கரும் இறந்தபின் அக்கடிதத்தைப் பெறுவது கடினம். ஆகவே வேலையில் இருக்கும்போதே செய்யத்தக்க காரியம் இது. விவாகத்தின் பொருட்டு வேலையை விட்டு நிற்கும் பெண் ஐம்பது வயதுக்கு முன்னரே அப்பணத்தைப் பெறச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் கேட்பது விவாகப் பத்திரம். கணவன் இறந்தால் அவன் பணத்துக்கு மனைவி என்று நிற்கவும் அதுவே.

தாலி பொய், காகிதமே மெய் என்று நாம் வாதிடவில்லை. கோவிலில் நடந்த விவாகத்தைச் சட்டமே ஏற்றது. ஏற்றுக்கொண்டே, அதை நிறுவும் கருவியை இம்மக்களுக்குக் கொடாமல் விட்டது. பிறகு 1949இல் அக்கருவியைக் காட்டு என்றது. கண்டிச் சிங்களப் பெண்ணுக்கு 1859 முதல் பதிவாளர் இருந்தார். தோட்டப் பெண்ணுக்குத் துரையின் செக்றோல் இருந்தது. செக்றோல் அவளை மனைவியென்றோ மகளென்றோ கொள்ளாமல், நாளொன்றுக்கு ஒரு பேராகவே கொண்டது. இவ்வேறுபாட்டின் விலையை மூன்று தலைமுறைப் பெண்கள் கொடுத்தார்கள்.

ஆசிரியத் தொழில் புரியும் நாம் இதை ஆண்டுதோறும் வகுப்பறையில் காண்கிறோம். பரீட்சைக்கு அடையாள அட்டை பெற, மாணவரின் பிறப்புப் பத்திரங்களைச் சேர்ப்போம். தாயின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒன்றாகவும், தம்பியின் பத்திரத்தில் வேறொன்றாகவும் இருக்கும். 'உன் அம்மா பேர் இதில் எது?' என்று கேட்டால் பிள்ளை சிறிது யோசித்து, இரண்டும் அம்மாதான் என்பான். அவன் சொல்வது உண்மை. அவ்வுண்மையை ஏட்டில் ஏற்ற, அவன் அக்காளின் விவாகப் பதிவு நாளன்று, அவளது பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அவனும் கூடப் போகட்டும். பதிவாளர் எழுதும் ஒவ்வோர் எழுத்தையும் படித்துப் பார்க்கட்டும். அவன் பாட்டிக்கு அப்படிப் படித்துச் சொல்ல எவரும் இருந்ததில்லை.